ஒட்டுவதற்கு முன் கீலைத் தளர்த்துங்கள்

சென்ற வருடம் மே மாத விடுமுறைக்கு வந்த அக்கா மகள், பையை இறக்கி வைத்த கையோடு லேப்டாப்பை என் மேசைமேல் வைத்தாள். "மாமா, இதைத் திறந்தா இடது பக்கம் சடக்குன்னு சத்தம் வருது. கீல் லூசாயிடுச்சு போல. காலேஜ் பக்கத்துக் கடையில ஒட்டித் தந்தாங்க, பத்து நாள்கூட நிக்கல" என்றாள்.

நான்கு வருடம் ஆன 15.6 அங்குல லேப்டாப். மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் பார்த்தேன். பாதி தூரம் வந்ததும் திரையின் இடது கீழ்மூலையில் இருந்த கறுப்புச் சட்டம் மூடியை விட்டு விலகி, வாய் திறப்பது போலப் பிளந்தது. உள்ளே ஒரு பித்தளைத் துண்டு மின்னியது. மூடியை இறக்கினால் வாய் மூடிக்கொண்டது. தூக்கினால் மறுபடி பிளந்தது.

அவள் 'லூஸ்' என்று சொன்னதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். லேப்டாப் பழுதுபார்க்கும் கடையில் கால் மணி நேரம் நின்றால் இரண்டு பேராவது "ஹிஞ்ச் லூஸ்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பழுதைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் நிலைமை நேர் எதிராக இருக்கும். கீல் லூசாகியிருக்காது. இறுகிப் போயிருக்கும். அது இறுகியதால் அதைப் பிடித்துக்கொண்டிருந்த பிளாஸ்டிக் உடைந்திருக்கும். நம் கைக்குத் தெரிகிற ஆட்டம் உடைந்த பிளாஸ்டிக்கின் ஆட்டம். இந்த ஒரு விஷயம் புரியாததால்தான் ஒட்டிய இடம் மறுபடி மறுபடி பிய்கிறது, கடைக்குக் கொடுத்த காசும் வீணாகிறது.

கதவுக்கும் கீல் உண்டு, லேப்டாப்புக்கும் கீல் உண்டு. ஆனால் இரண்டும் செய்கிற வேலை வேறு. கதவுக் கீல் தடையில்லாமல் சுழல வேண்டும். லேப்டாப் கீல் சுழலவும் வேண்டும், விட்ட இடத்தில் அப்படியே நிற்கவும் வேண்டும். அதற்காக அதை வேண்டுமென்றே இறுக்கமாகச் செய்கிறார்கள். ஓர் எஃகுத் தண்டு, அதில் கோத்த மெல்லிய எஃகு வாஷர்கள், அவற்றை நெருக்கிப் பிடிக்க முனையில் ஒரு நட்டு, இடையில் கெட்டியான கிரீஸ். வாஷர்கள் ஒன்றோடொன்று உரசும் அந்த உராய்வுதான் திரையைத் தாங்கி நிறுத்துகிறது. சில மாதிரிகளில் வாஷருக்குப் பதிலாக ஓர் எஃகுத் தகடு தண்டைச் சுற்றிக் கவ்விக்கொண்டிருக்கும். அதில் நட்டு இருக்காது.

தண்டிலிருந்து இரண்டு எஃகுக் கால்கள் பிரியும். ஒன்று மூடிக்குள் போகும், இன்னொன்று விசைப்பலகை இருக்கும் அடிப்பாகத்துக்குள் போகும். இரண்டும் சின்னச் சின்னத் திருகுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். அந்தத் திருகு எதில் இறங்குகிறது என்பதுதான் இந்தக் கதையின் நடுப்பகுதி. பிளாஸ்டிக் மூடியின் உட்புறம் விரல் நுனியைவிடச் சிறிய குமிழ்கள் எழுப்பியிருப்பார்கள். ஒவ்வொரு குமிழின் நடுவிலும் மரை வெட்டிய பித்தளைக் குழல் ஒன்றைச் சூடாக்கிப் பதித்திருப்பார்கள். அதன் உயரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். திருகு பிடித்திருப்பது பித்தளையை. பித்தளையைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக். லேப்டாப் மெலிய மெலிய இந்தக் குமிழும் குட்டையாகிக்கொண்டே வந்தது. மடித்து மூடும் வடிவத்தின் முன்னோடியாகச் சொல்லப்படும் கிரிட் காம்பஸ் 1982-இல் வந்தபோது அதன் கூடு மெக்னீசியக் கலவையில் செய்யப்பட்டிருந்தது. இன்று நடுத்தர விலையில் வாங்கும் லேப்டாப்பில் அதே சுமையைத் தாங்குவது அந்தப் பிளாஸ்டிக் குமிழ்.

எவ்வளவு சுமை? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15.6 அங்குலத் திரையோடு சேர்ந்த மூடி சுமார் 600 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடையின் நடுப்புள்ளி கீலிலிருந்து 11 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். மூடி முழுக்கச் சாய்ந்து படுக்கையாக நிற்க வேண்டுமானால், இரண்டு கீலும் சேர்ந்து 0.6 பெருக்கல் 11, அதாவது ஏறக்குறைய 7 அளவுக்கு முறுக்கைத் தாங்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கைப்பிடியின் முனையில் 7 கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு வருமோ அவ்வளவு. ஆளுக்குப் பாதி என்றால் ஒரு கீலுக்கு மூன்றரை. கீலின் காலில் உள்ள திருகுகள் சுமார் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஓரத்துத் திருகைப் பிய்த்து இழுக்கும் விசை ஒன்றே முக்கால் கிலோ. நல்ல நிலையில் உள்ள பிளாஸ்டிக் இதைப் பல வருடம் தாங்கும்.

இப்போது கிரீஸ் காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உரசித் தேய்ந்த எஃகுப் பொடி வாஷர்களுக்கு நடுவில் சேர்கிறது. ஈரக் காற்று பட்டு மெல்லத் துருவும் ஏறுகிறது. கீலின் இறுக்கம் மூன்று மடங்கு ஆகிறது. திறக்கும் நம் விரலுக்கு என்ன தெரியும்? மூடியின் விளிம்பு கீலிலிருந்து 22 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால், முன்பு முந்நூறு கிராம் விசையில் திறந்தது இப்போது ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கேட்கும். 'சற்று டைட்டாக இருக்கிறது' என்பதற்கு மேல் மனதில் படாது. ஆனால் உள்ளே அந்த மூன்று மில்லிமீட்டர்க் குமிழில் விழும் இழுவை ஐந்து கிலோவைத் தாண்டிவிட்டது. விரல் நெம்புகோலின் நீளமான முனையில் இருக்கிறது, திருகு அதன் குட்டை முனையில் இருக்கிறது. அதனால்தான் நமக்கு எதுவும் பெரிதாகத் தெரிவதற்கு முன்பே உள்ளே உடைந்துவிடுகிறது.

நம் பழக்கம் ஒன்று இதை இன்னும் மோசமாக்குகிறது. மூடியை நடுவில் பிடித்துத் தூக்கினால் சுமை இரண்டு கீலுக்கும் பிரியும். நாமோ ஒரு கையில் தேநீர், மறு கையால் வலது மூலையை மட்டும் பிடித்துத் தூக்குகிறோம். அப்போது மூடி முறுக்கிக்கொண்டு, கை வைத்த பக்கத்துக் கீலுக்குத்தான் சுமை அதிகம் போகிறது. எப்போதும் ஒரே மூலையைப் பிடித்துத் திறப்பவரின் லேப்டாப் அந்தப் பக்கமே முதலில் உடைவதற்கு வாய்ப்பு அதிகம். அக்கா மகள் வலது கையில் பேனாவோடு இடது கையால் திறப்பவள். உடைந்ததும் இடது பக்கம்தான். கூடவே அவள் ஊர் தூத்துக்குடி. கடற்காற்றில் எஃகு எப்படித் துருவேறும் என்பதை ஜன்னல் கம்பியைப் பார்த்தே அந்த ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

கீலின் இறுக்கத்தைத் தயாரிப்பாளர்கள் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. பயனர் தானே கழற்றி மாற்றிக்கொள்ளும்படி லேப்டாப் செய்யும் அமெரிக்க நிறுவனம் ஃபிரேம்வொர்க், தன் 13 அங்குல மாதிரிக்கு 3.3 கிலோ, 4.0 கிலோ என்று இரண்டு விதக் கீல்களைத் தனியாகவே விற்கிறது. முதலாவது சுலபமாகத் திறக்கும். இரண்டாவது வண்டியிலோ ரயிலிலோ வைத்து வேலை செய்தாலும் திரை ஆடாமல் நிற்கும். இந்தச் சின்ன வித்தியாசத்தையே கையால் உணர முடியும் என்றால், மூன்று மடங்கு இறுகிய கீல் என்ன பாடுபடுத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழுது வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள எளிய சோதனை ஒன்று இருக்கிறது. லேப்டாப்பை மேசைமேல் வைத்து, மூடியின் நடுவில் ஒரே ஒரு விரல் கொடுத்துத் தூக்குங்கள். வாங்கிய புதிதில் அடிப்பாகம் மேசையிலேயே கிடக்க மூடி மட்டும் எழுந்திருக்கும். இப்போது அடிப்பாகத்தின் முன்விளிம்பும் சேர்ந்து எழுந்தால் கீல் இறுகிவருகிறது என்று பொருள். இந்தக் கட்டத்தில் கவனித்தால் எதுவும் உடையாமலே தப்பிக்கலாம். அடுத்ததாக, லேப்டாப்பின் பக்கவாட்டில் கண்ணைக் கொண்டுபோய் வைத்து, மூடியை மிக மெதுவாகத் திறந்தபடி பின்மூலைகளைப் பாருங்கள். திரைச் சட்டத்துக்கும் மூடிக்கும் நடுவில் பிளவு விரிந்தால் மூடிப்பக்கக் குமிழ் போய்விட்டது. விசைப்பலகைப் பலகைக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் விரிந்தால் அடிப்பாகத்துக் குமிழ் போய்விட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடிப்பாகத்தில் பிளவு தெரிவதெல்லாம் கீல் பழுது அல்ல. பேட்டரி உப்பினாலும் விசைப்பலகைப் பலகை தூக்கிக்கொள்ளும். கீலால் வரும் பிளவு பின்மூலையில் இருக்கும், மூடியைத் திறக்கும்போது விரிந்து மூடும்போது அடங்கும். பேட்டரியால் வரும் பிளவு பெரும்பாலும் முன்பக்கம், டச்பேடின் அருகில் இருக்கும். மூடி எந்த நிலையில் இருந்தாலும் மாறாது. டச்பேட் அழுந்த மறுக்கும், அல்லது அடிப்பாகம் மேசைமேல் தொட்டில் போல ஆடும். அப்படி இருந்தால் கீலை மறந்துவிட்டு, சார்ஜரைப் பிடுங்கி, அன்றைக்கே பேட்டரியை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். உப்பிய பேட்டரியின் மேல் மூடியை அழுத்தி மூடப் பார்ப்பது ஆபத்து.

அக்கா மகளின் லேப்டாப்புக்கு வருகிறேன். முதலில் காதருகே வைத்து மெதுவாகக் குலுக்கினேன். உள்ளே ஏதோ உருண்டது. பிய்ந்து விழுந்த திருகோ பித்தளைக் குழலோ மதர்போர்டின் மேல் உருண்டு இரண்டு இணைப்புகளைத் தொட்டுவிட்டால், கீல் செலவு மதர்போர்டு செலவாக மாறிவிடும். அதனால் உள்ளே சத்தம் கேட்கும் லேப்டாப்பை மறுபடி ஆன் செய்யக்கூடாது. அணைத்து, அடித்தட்டின் திருகுகளைக் கழற்றினேன். இரண்டு திருகுகள் ரப்பர் பாதங்களுக்கு அடியில் ஒளிந்திருந்தன. இது தெரியாமல் நெம்பினால் அடித்தட்டு அங்கேயே விரியும். திறந்தவுடன் செய்த முதல் வேலை பேட்டரியின் இணைப்பைப் பிரித்தது. உருண்டது ஒரு பித்தளைக் குழல்தான். விசிறியின் பக்கத்தில் கிடந்தது.

பிறகு திரையைச் சுற்றியுள்ள சட்டத்தை ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் நெம்பி எடுத்தேன். திரையின் நான்கு திருகுகளைக் கழற்றி, அதை ஒரு துணியின் மேல் குப்புறக் கிடத்தி, பின்னால் வரும் ரிப்பன் கேபிளைப் பிரித்தேன். அப்போதுதான் இடது மூலை முழுதாகத் தெரிந்தது. மூன்று குமிழ்களும் வேரோடு போயிருந்தன. பித்தளைக் குழல்களைச் சுற்றி உடைந்த பிளாஸ்டிக் வளையம்போல ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே, கடைக்காரர் ஊற்றிய ஃபெவிக்விக் வெள்ளையாகப் பூத்து, கண்ணாடிச் சில்லுபோல உதிர்ந்துகொண்டிருந்தது. உடனடியாக ஒட்டும் பசைகள் காய்ந்ததும் கடினமாகிவிடும், வளையத் தெரியாது. திறந்து மூடும்போது வரும் வளைவைத் தாங்காமல் விரிசல் விடும். சமையல் சோடா தூவினால் அந்தப் பசை கல்லாகிவிடும் என்று பலர் செய்து பார்க்கிறார்கள். கல்லாவது உண்மை. கல்லைப்போலவே உடைவதும் உண்மை.

கீலைத் தனியாகக் கழற்றி, ஒரு காலை இடுக்கியில் பிடித்து மறுகாலைக் கையால் அசைத்துப் பார்த்தேன். வலது கீல் மிதமான தடையோடு சுழன்றது. இடது கீல் விரலுக்கு அசையவே இல்லை. முனையில் செம்மண் நிறத்தில் பொடி. எல்லாப் பழுதுக்கும் வேர் அங்கே இருந்தது. இப்படியே விட்டு எந்தப் பசை போட்டு ஒட்டியிருந்தாலும் அது பத்து நாளோ ஒரு மாதமோ தாங்கிவிட்டு மறுபடி பிய்ந்திருக்கும்.

நட்டு இருக்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். எங்கிருந்து தொடங்கினோம் என்று தெரிய வேண்டும் அல்லவா. துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்தேன். நட்டைக் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகக் கால் சுற்றுத் தளர்த்தினேன். இருபது முப்பது தடவை மெதுவாக மடக்கி விரித்ததில் கறுப்பாக ஒரு குழம்பு வெளியே வந்தது. அதையும் துடைத்துவிட்டு, கிரீஸ் கொஞ்சம் தடவி, இன்னும் அரைக்கால் சுற்றுத் தளர்த்தியதும் வலது கீலின் அளவுக்கு வந்தது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தடை கொடுக்க வேண்டும். ஒன்று இறுகலாகவும் மற்றது தளர்வாகவும் இருந்தால் மூடி முறுக்கிக்கொண்டு எழும். அதே சமயம் ஒரேயடியாகத் தளர்த்திவிட்டால் திரை தானாகச் சாய்ந்துவிடும். நட்டு இல்லாத, தகடு சுற்றிய மாதிரியாக இருந்து அது துருவேறிவிட்டால் தளர்த்த வழியில்லை. புதுக் கீல்தான் வாங்க வேண்டும்.

அதன்பிறகே ஒட்டுவதற்கு வந்தேன். பழைய பசையை எல்லாம் கத்தி முனையால் சுரண்டினேன். குமிழ் இருந்த இடத்தையும் சுற்றியுள்ள தரையையும் முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினேன். வழவழப்பான பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் நிற்காது. ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டேன். தின்னரோ நகப்பூச்சு நீக்கும் திரவமோ இந்த இடத்தில் பட்டுவிடக்கூடாது, பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். பிறகு பித்தளைக் குழல்களை நேராகப் பிளாஸ்டிக்கில் வைக்காமல், முதலில் கீலின் காலில் திருகால் பூட்டிவிட்டு, கீலையே அச்சாக வைத்து இடத்தில் உட்கார வைத்தேன். இப்படிச் செய்தால் மூன்று துளைகளும் இம்மி பிசகாமல் அமையும். திருகின் மரையில் வாசலின் தடவிக்கொண்டேன். இல்லாவிட்டால் பசை உள்ளே புகுந்து திருகும் குழலும் நிரந்தரமாக ஒன்றாகிவிடும்.

பசைக்கு அரால்டைட் போன்ற இரண்டு டியூப் எபாக்ஸி. பிசின் ஒரு பங்கு, கெட்டிப்படுத்தி ஒரு பங்கு. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை அல்ல, மெதுவாக இறுகும் வகைதான் இந்த வேலைக்கு நல்லது. குழல்களைச் சுற்றி மட்டும் விடாமல், எவ்வளவு தூரம் இடம் இருக்கிறதோ அவ்வளவு தூரம் பரப்பினேன். இழுவை ஒரு புள்ளியில் விழாமல் பரந்த இடத்துக்குப் பிரிய வேண்டும். ஆனால் உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டும். திரை அதன் மேலேதான் வந்து உட்காரப் போகிறது. பசை மேடாகிவிட்டால் பின்னாலிருந்து திரையை அழுத்தி வெள்ளைப் புள்ளி விழும், சில சமயம் திரையே விரிசல் விடும். ஒரு சின்னக் கனத்தை மேலே வைத்து முழுதாக ஒரு நாள் அப்படியே விட்டேன். "இன்னிக்கே மாட்டிடலாமே மாமா, தொட்டுப் பார்த்தா காஞ்சுடுச்சு" என்று அவள் மூன்று முறை கேட்டாள். தொட்டால் காய்ந்தது வேறு, சுமை தாங்கும் அளவுக்கு இறுகுவது வேறு. மறுநாள் மாலைதான் மாட்டினோம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது அந்த ரிப்பன் கேபிள். திரைக்குப் படம் கொண்டுபோகும் கேபிளும் வைஃபை ஆன்டெனாவின் மெல்லிய கம்பிகளும் பெரும்பாலான லேப்டாப்களில் கீலின் அருகிலேயே வளைந்து செல்லும். கீல் இடம் பெயர்ந்து பல நாள் ஓடிய லேப்டாப்பில் இவை நசுங்கியிருக்கும். குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் திரை மினுக்குகிறது, கோடு விழுகிறது, இருண்டுபோகிறது என்றால் அதுதான் காரணமாக இருக்கும். கேபிளை மட்டும் மாற்றினால் போதும், திரையை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு நல்லவேளை, கேபிளின் மேலுறையில் மட்டும்தான் ஒரு மடிப்பு விழுந்திருந்தது.

செலவு என்று பார்த்தால் எபாக்ஸிக்கும் உப்புத்தாளுக்குமாக நூற்றுச் சொச்சம். அதே பழுதுக்கு அவள் விசாரித்த இன்னொரு கடையில் மூடியும் சட்டமும் கீலுமாக மாற்றுவதற்கு மூவாயிரத்து ஐந்நூறு கேட்டிருந்தார்கள். அதைக் கொள்ளை என்று சொல்ல மாட்டேன். உதிரிபாகம் வாங்கி, முழுதாகக் கழற்றி மாட்டி, சோதித்துத் தர ஒருவரின் அரைநாள் போகும். ஒட்டுவதைவிட அது உறுதியான வழியும்கூட.

சென்னை ரிச்சி தெருவிலோ பெரிய ஊர்களின் கணினிச் சந்தையிலோ கேட்டால் மூடியை ஏ பேனல் என்பார்கள், திரைச் சட்டம் பி, விசைப்பலகைப் பலகை சி, அடித்தட்டு டி. ஏபிஎச் செட் என்று கேட்டால் மூடி, சட்டம், கீல் மூன்றும் சேர்த்துத் தருவார்கள். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே பெயரில் விற்கும் லேப்டாப்புக்குள்ளேயே இரண்டு மூன்று விதமான கீல்கள் இருக்கும். இன்னொரு வழி, மூடியில் துளை போட்டு வெளியிலிருந்து நட்டு போல்ட் இறுக்குவது. பார்ப்பதற்கு அழகில்லை. ஆனால் திரையைக் கழற்றி வைத்துவிட்டு, அகலமான தலையுள்ள போல்ட் போட்டு, கீலையும் தளர்த்தித் தந்தால் பசையைவிட நன்றாகத் தாங்கும். அழகைப் பற்றிக் கவலையில்லாத பழைய லேப்டாப்புக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

சரி, எப்போது பழுதுபார்ப்பது நியாயம், எப்போது இல்லை? திருகு மட்டும் தளர்ந்திருந்தாலோ, கீல் இறுகியும் எதுவும் உடையாமல் இருந்தாலோ கேள்வியே இல்லை, உடனே பாருங்கள். மூடிப்பக்கக் குமிழ் உடைந்து, வெளி ஓடு நன்றாக இருந்தால் எபாக்ஸி வேலை நியாயம். வெளி ஓடே விரிசல் விட்டிருந்தால் ஏபிஎச் செட் நியாயம், மற்றபடி கணினி இன்னும் இரண்டு வருடம் உங்களுக்கு உழைக்கும் என்றால். அந்த இரண்டு வருடத்தைக் கணிக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. இன்டெல் ஏழாம் தலைமுறைக்கும் அதற்கு முந்தைய பிராசசர்களுக்கும், ஒருசில விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வ ஆதரவில்லை. லினக்ஸ் போட்டு ஓட்டத் தயாராக இருப்பவர் தவிர மற்றவர்கள் அந்த வயது லேப்டாப்புக்கு ஏபிஎச் செட் வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

அடிப்பாகத்துக் குமிழ் உடைந்தால் வேலை கூடும். பல மாதிரிகளில் விசைப்பலகை அந்தப் பலகையோடு சூட்டில் உருக்கிச் சேர்க்கப்பட்டிருக்கும். பலகையை மாற்ற வேண்டுமானால் மதர்போர்டு, விசிறி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். ஒட்டிப் பார்க்கலாம், ஆனால் வெப்பம் வெளியேறும் பகுதிக்கு அருகில் என்றால் பசை நீண்ட நாள் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கண்ணாடி விளிம்புவரை நீளும் தொடுதிரை விரிசல் விட்டிருந்தால் திரையும் மூடியும் ஒரே தொகுப்பாகவே மாற்ற வேண்டியிருக்கும். அதன் விலை பல சமயம் அந்த லேப்டாப்பைப் பழையதாக விற்றால் கிடைக்கும் தொகையை நெருங்கிவிடும். அந்த இடத்தில் நான் நிறுத்திக்கொள்வேன். பெரிய மானிட்டர் ஒன்றை இணைத்து மேசைக் கணினியாக ஓட்டினால் அது இன்னும் சில வருடம் உழைக்கும்.

உத்தரவாதக் காலத்துக்குள் இருப்பவர்கள் இதில் எதையும் தாங்களாகச் செய்ய வேண்டாம். சேவை மையங்கள் உடைந்த கீலைப் பெரும்பாலும் வாடிக்கையாளரால் நேர்ந்த சேதம் என்று எழுதிவிடுவார்கள். மூலை நொறுங்கிய பிறகு போனால் மறுத்துப் பேச நம்மிடம் எதுவும் இருக்காது. மயிரிழைப் பிளவு தெரிந்த அன்றே, வெளியில் அடிபட்ட தடம் எதுவும் இல்லை என்று தெரியும்படி நான்கு மூலைகளையும் படம் எடுத்து, திறக்கும்போது பிளவு விரிவதைக் காணொளியாகவும் எடுத்து, அதோடு புகாரைப் பதிவு செய்யுங்கள். தற்செயல் சேதத்துக்கான கூடுதல் காப்பீடு வாங்கியிருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள், வாங்கியதையே பலர் மறந்துவிடுகிறார்கள்.

பழுது தெரிந்த நாளுக்கும் சரிசெய்யும் நாளுக்கும் நடுவில் செய்ய வேண்டியது, திறப்பதையும் மூடுவதையும் நிறுத்துவது. ஒரு கோணத்தில் திறந்து வைத்துவிட்டு அப்படியே வேலை செய்யுங்கள். கொண்டுபோக வேண்டியிருந்தால் மூடியின் நடுவில் இரண்டு கையும் வைத்து ஒரே ஒரு முறை மூடுங்கள், கடை மேசையில்தான் மறுபடி திறக்க வேண்டும். அக்கா மகள் பிளவைப் பார்த்த பிறகும் ஒரு மாதம் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு குமிழ்தான் போயிருக்கும். மற்ற இரண்டும் அந்த மாதத்தில் போனவை.

அவளுடைய லேப்டாப் இன்றுவரை ஓடுகிறது, ஒட்டிய இடம் அசையவில்லை. உங்கள் லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோகும்போது ஒரு வேலை செய்யுங்கள். கடைக்காரர் பசை டியூபைத் திறப்பதற்கு முன், "அண்ணே, கீலைத் தளர்த்திட்டீங்களா? கையால அசைச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். அசைத்துக் காட்டினால் கொடுத்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.